ஒரு கம்பெனி உண்மையிலேயே பொதுத்துறை நிறுவனமா என்று நாமே உறுதி செய்வது எப்படி?

கேள்வி: பெங்களூருவில் ஒரு கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. "இதுவும் பி.எஸ்.யு. மாதிரிதான்" என்கிறார் ஹெச்.ஆர். மத்திய அரசா, மாநில அரசா, கூட்டா என்று கேட்டால் மழுப்புகிறார். அரசின் பங்கு எவ்வளவு என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஹெச்.ஆர். சொன்ன அந்த "மாதிரிதான்" என்ற சொல்லுக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். அந்த ஒரு சொல்லால் எனக்கு ஒரு வேலை போனது.

நான் அக்கவுண்ட்ஸ் ஆள். ஊர் தருமபுரிப் பக்கம். பீன்யாவில் ஒரு கூட்டு நிறுவனத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒரு மத்தியப் பொதுத்துறை நிறுவனத்துக்கு அதில் 50 சதவீதம், ஒரு மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு 24 சதவீதம், மீதி 26 ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு. சம்பள ஸ்லிப்பில் தாய் நிறுவனத்தின் சின்னம் இருக்கும். கேன்டீன் தம்ளரில்கூட இருக்கும். நாங்கள் எல்லோரும் எங்களை பி.எஸ்.யு. என்றுதான் சொல்லிக்கொண்டோம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது எங்கள் மாமாவும் அப்படித்தான் சொன்னார். அதில் எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

அப்புறம் இன்னொரு மத்தியப் பொதுத்துறை நிறுவனத்தில் மேலாளர் வேலைக்கு விளம்பரம் வந்தது. இந்த விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அனுபவக் கட்டம் இரண்டாகப் பிரிந்திருக்கும். அரசு அல்லது பொதுத்துறையில் இருப்பவர் என்றால் அடுத்த கீழ்நிலைச் சம்பள விகிதத்தில் இத்தனை வருடம் இருந்திருக்க வேண்டும். தனியார் என்றால் அந்தக் கம்பெனியின் வருட விற்றுமுதல் இவ்வளவு, உங்கள் சம்பளம் இவ்வளவு என்று கேட்பார்கள். நான் யோசிக்கவே இல்லை, "பொதுத்துறை" என்று டிக் அடித்தேன். எழுத்துத் தேர்வு முடிந்தது, நேர்காணல் முடிந்தது. சான்றிதழ் சரிபார்ப்பில்தான் மாட்டினேன்.

அங்கே இருந்த அதிகாரி வயதானவர், பொறுமைசாலி. "மத்தியப் பொதுத்துறைப் பட்டியலில் உங்க கம்பெனி பேரைக் காணோமே?" என்றார். நான் ஆண்டறிக்கையை எடுத்து நீட்டினேன். அதில் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. கொடுத்த குறிப்பு பக்கத்தை மடித்தே வைத்திருந்தேன். "சார், எங்க ஆடிட்டரையே சி.ஏ.ஜி.தான் நியமிக்கிறாங்க. ஐம்பதும் இருபத்து நாலும் எழுபத்து நாலு சார்" என்றேன். அவர் என் விண்ணப்பத்தின் ஓரத்தில் பென்சிலால் 50 + 24 என்று எழுதினார், கூட்டல் குறியை மட்டும் அடித்தார். "இதைக் கூட்டக் கூடாது தம்பி" என்றார். தவறான பிரிவில் விண்ணப்பித்ததாகச் சொல்லி ரத்து செய்துவிட்டார்கள்.

ஏன் கூட்டக் கூடாது என்பதுதான் உங்கள் கேள்விக்கும் விடை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் பிரிவு 2(45) அரசு நிறுவனம் எது என்று சொல்கிறது. செலுத்தப்பட்ட பங்கு மூலதனத்தில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் மத்திய அரசிடம் இருக்க வேண்டும். அல்லது ஒரு மாநில அரசிடமோ பல மாநில அரசுகளிடமோ இருக்க வேண்டும். அல்லது கொஞ்சம் மத்திய அரசிடமும் கொஞ்சம் மாநில அரசுகளிடமும் சேர்ந்து இருக்க வேண்டும். மத்திய, மாநில, கூட்டு என்று நாம் சொல்வதெல்லாம் இங்கிருந்து வருவதுதான். கவனியுங்கள், மூன்றிலும் அரசு நேரடியாக வைத்திருக்கும் பங்கைத்தான் சட்டம் எண்ணுகிறது. அரசுக் கம்பெனி ஒன்று வாங்கி வைத்திருக்கும் பங்கு இந்தக் கணக்கில் வராது. அதற்கென்று தனி வாசல் ஒன்று உண்டு: அரசு நிறுவனத்தின் துணை நிறுவனமும் அரசு நிறுவனமே. ஆனால் துணை நிறுவனம் ஆக வேண்டுமென்றால் தாய் நிறுவனத்திடம் பாதிக்கு மேல் வாக்குரிமை இருக்க வேண்டும், அல்லது இயக்குநர் குழு அதன் பிடியில் இருக்க வேண்டும்.

எங்கள் கம்பெனியை இதில் வைத்துப் பாருங்கள். மத்திய அரசின் நேரடிப் பங்கு பூஜ்யம். மாநில அரசின் நேரடிப் பங்கும் பூஜ்யம், ஏனென்றால் 24 சதவீதம் இருப்பது கழகத்தின் பெயரில். தாய் நிறுவனத்திடம் இருப்பது சரியாகப் பாதி, பாதிக்கு மேல் இல்லை. இயக்குநர்கள் ஆறு பேரில் அவர்களுடைய ஆட்கள் மூன்று பேர், அதிலும் பெரும்பான்மை இல்லை. ஆக எந்த வாசலிலும் நுழைய முடியவில்லை. நூறில் எழுபத்து நான்கு பொதுப்பணம், ஆனாலும் அரசு நிறுவனம் இல்லை.

அப்படியென்றால் சி.ஏ.ஜி. எப்படி வந்தது? அதே சட்டத்தின் பிரிவு 139(5) அரசு நிறுவனத்தோடு நிற்கவில்லை. அரசுகளுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ சொந்தமான, அல்லது அவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள பிற கம்பெனிகளுக்கும் ஆடிட்டரை சி.ஏ.ஜி.தான் நியமிக்க வேண்டும் என்கிறது. அது விரித்த வலை பெரியது. ஆடிட்டர் நியமனத்தை வைத்து பி.எஸ்.யு. என்று முடிவு கட்டியது என் தப்பு. அக்கவுண்ட்ஸ் ஆளாக இருந்துகொண்டு இது தெரியாதா என்று கமெண்ட்டில் கேட்பீர்கள். தெரியவில்லை, ஐயா. வவுச்சர் போடுகிறவனுக்குப் பங்குப் பதிவேட்டை யார் காட்டுகிறார்கள்?

எல்லோருக்கும் தெரிந்த கம்பெனிகளில் இதே கதை இருக்கிறது. பெட்ரோநெட் எல்.என்.ஜி.யில் கெயில், ஓ.என்.ஜி.சி., இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம் நான்குக்கும் தலா 12.5 சதவீதம். மொத்தம் ஐம்பது, அதுவும் நான்கு கைகளில். அரசு நிறுவனம் ஆகவில்லை. இந்துஸ்தான் பெட்ரோலியம் இதற்கு நேர் எதிர். 2018 ஜனவரியில் மத்திய அரசு தன்னிடம் இருந்த 51.11 சதவீதத்தை ஓ.என்.ஜி.சி.க்கு விற்றது. பங்கு விவரத்தில் "மத்திய அரசு" வரிசையைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, தனியார் என்று நினைத்துவிடுவீர்கள். ஆனால் ஓ.என்.ஜி.சி.யிடம் பாதிக்கு மேல் இருப்பதால் துணை நிறுவனம், ஆகவே அரசு நிறுவனம். பெங்களூருவின் நம்ம மெட்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசும் கர்நாடக அரசும் சரிபாதி. தனித்தனியாகப் பார்த்தால் இருவருமே 51 இல்லை. ஆனால் இரண்டு பேரும் அரசுகள், அதனால் கூட்டலாம். கூட்டு வகைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி உங்கள் ஆஃபருக்கு வருகிறேன். லெட்டர்ஹெட்டின் அடியில் 21 எழுத்து கொண்ட CIN என்ற கம்பெனி அடையாள எண் இருக்கும். நடுவில் வருடத்துக்குப் பின்னால் வரும் மூன்று எழுத்தைப் பாருங்கள். `GOI` என்றால் மத்திய அரசு, `SGC` என்றால் மாநில அரசு, `PLC` என்றால் சாதாரணப் பொது வரையறுக்கப்பட்ட கம்பெனி. எங்களுடையது `PLC`. ஏழு வருடம் தினமும் பார்த்தேன், என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஐ.டி.பி.ஐ. வங்கியை 2019 ஜனவரி முதல் அமலாகும்படி ரிசர்வ் வங்கி தனியார் வங்கி வகைக்கு மாற்றியது, அதன் பிறகும் எண்ணில் `GOI` அப்படியே இருந்தது.

கம்பெனி பங்குச் சந்தையில் இருந்தால் வேலை சுலபம். ஒவ்வொரு காலாண்டும் பங்கு விவரம் சந்தையின் தளத்தில் ஏறும். மத்திய அரசின் பங்கு "இந்தியக் குடியரசுத் தலைவர்" என்ற பெயரிலும், மாநில அரசின் பங்கு "ஆளுநர்" பெயரிலும் இருக்கும். பட்டியலிடப்படாத கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் `mca.gov.in` தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் ஆவணங்களைப் பார்க்கலாம். கடைசியாகத் தாக்கல் செய்த `MGT-7` என்ற வருடாந்திர விவரப் படிவத்தைத் திறந்து பங்குப் பிரிவுக்குப் போங்கள். அரசு என்ற தலைப்பின் கீழ் மூன்று வரி இருக்கும்: மத்திய அரசு, மாநில அரசு, அரசு நிறுவனங்கள். முதல் இரண்டு வரியையும் கூட்டுங்கள், 51 அல்லது அதற்கு மேல் வந்தால் சரி. மூன்றாவது வரியை மேலே உள்ளவற்றோடு சேர்க்காதீர்கள். அதில் எந்த ஒரு நிறுவனத்திடமாவது தனியாகப் பாதிக்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பங்குதாரர் பட்டியலில் யாரோ ஓர் இணைச் செயலாளர் பெயரில் ஒரே ஒரு பங்கு இருந்தால் குழம்ப வேண்டாம். பொது கம்பெனிக்குக் குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும் என்பதற்காக அரசு தன் அதிகாரிகள் பெயரில் அப்படி வைப்பது வழக்கம்.

பெங்களூரு நகரப் பஸ்களை ஓட்டும் பி.எம்.டி.சி. மாதிரி தனிச் சட்டத்தில் உருவான கழகமாக இருந்தால் இந்தத் தளத்தில் தேடிப் பயனில்லை, அது கம்பெனியே இல்லை.

ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. அந்தச் சரிபார்ப்புக்குப் போன அன்று காலை எட்டு மணிக்கு வரச் சொல்லி மதியம் மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். உட்கார நாற்காலி கிடையாது. ஒவ்வொரு தாளும் மூன்று செட் ஜெராக்ஸ் வேண்டும் என்று அங்கே போனபின்தான் சொன்னார்கள். எதிரே இருந்த ஒரே கடையில் பக்கத்துக்கு ஐந்து ரூபாய். பல்லாரியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்த ஒரு பையன் சில்லறை இல்லாமல் என்னிடம் இருபது ரூபாய் வாங்கினான். ஆன்லைனில் எல்லாவற்றையும் ஏற்றியாகிவிட்டதே, அதைத் திறந்து பார்த்தால் என்ன?

அடுத்த வருடம் அதே விளம்பரம் மறுபடி வந்தது. இந்த முறை ஒழுங்காக "தனியார்" என்று டிக் அடிக்கப் போனேன். எங்கள் கம்பெனியின் விற்றுமுதல் அவர்கள் கேட்ட அளவுக்கு இல்லை. படிவத்தை மூடிவிட்டேன். நீங்கள் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: "பிரிவு 2(45)-இன்படி இது அரசு நிறுவனமா? ஆம் என்றால், அரசின் நேரடிப் பங்காலா, துணை நிறுவனம் என்பதாலா?" பதில் எழுத்தில் வரட்டும். போனில் சொன்னால் எடுத்துக்கொள்ளாதீர்கள்.