பாட்டிக்கும் பங்கு உண்டு

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மா, இரண்டு அண்ணன்கள், நான், அப்பாவின் தாயார் என ஐவர் இருக்கிறோம். அப்பா பெயரில் 240,000 ரிங்கிட் மதிப்புள்ள வீடு. அதற்குக் கடன் பாக்கி 30,000. வங்கியில் 36,000 ரிங்கிட். இபிஎஃப் பணம் 90,000. அதற்கு அம்மாவை நியமித்திருந்தார். ஈமச்செலவு 6,000. தமிழ்நாட்டு மாமா ஐந்து சமபங்கு என்கிறார். பெரியண்ணன் பெண்ணுக்குப் பங்கில்லை என்கிறார். எது சரி? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இரண்டுமே சரியில்லை. மாமா சொல்வது இந்தியாவின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியான கணக்கு. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர் உயிலின்றி இறந்தால், 1958ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டமே பொருந்தும். துணைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகிய மூன்று தரப்பும் இருக்கும்போது, துணைவிக்குக் கால் பங்கும், பிள்ளைகள் அனைவருக்கும் சேர்த்து அரைப் பங்கும், பெற்றோருக்குக் கால் பங்கும் சேரும். பிள்ளைகளின் பாதியில் ஆண், பெண் என்ற பேதம் கிடையாது.

அம்மாவை நியமித்திருப்பதால் இபிஎஃப் பணம் நேராக அவருக்கே போகும். அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வீடும் வங்கிப் பணமும் சேர்ந்த 276,000 ரிங்கிட்டில் கடனையும் ஈமச்செலவையும் கழித்தால் 240,000 மிஞ்சும். அதில் அம்மாவுக்கு 60,000, பாட்டிக்கு 60,000, உங்கள் மூவருக்கும் தலைக்கு 40,000. வீட்டுக் கிராண்டில் பெயர்களை ஏற்றும்போது இதையே பன்னிரண்டு பாகமாக எழுதலாம்: அம்மாவுக்கு மூன்று, பாட்டிக்கு மூன்று, பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு.

பல குடும்பங்கள் தவறுவது பாட்டியின் பங்கில்தான். அவரை மறந்து, அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு என்று பிரித்துவிடுகிறார்கள். பெற்றோர் இருவருமே உயிரோடு இல்லாதபோதுதான் அந்தக் கணக்கு செல்லும். பாட்டிக்கு வயதாகிவிட்டது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் ஆபத்து. பங்கு பிரிப்பதற்குள் அவர் காலமானால் அவருடைய கால் பங்கு மறைந்துவிடாது, அவருடைய வாரிசுகளைச் சேரும். தாத்தா இல்லை, உங்கள் அப்பாவோடு ஓர் அத்தையும் ஒரு சித்தப்பாவும் பிறந்தவர்கள் என்று வைத்துக்கொண்டால், பாட்டியும் உயில் எழுதாத நிலையில் அந்த மூன்று பாகத்தில் அத்தைக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று, அப்பாவுக்குரிய ஒன்று உங்கள் மூவருக்கும் என்றாகும். அதன்பின் வீட்டை விற்பதற்கு அவர்களும் கையெழுத்திட வேண்டும்.

வீடு இருப்பதாலும் மொத்த மதிப்பு குறைவாக இருப்பதாலும், மாவட்ட நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பகிர்வுக்கு விண்ணப்பிப்பதே உங்களுக்கு ஏற்ற வழி. விண்ணப்பத்தில் பாட்டியின் பெயரை விடாமல் எழுதுங்கள். விசாரணைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். தம் பங்கை மருமகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ விட்டுக்கொடுக்க அவர் மனமார விரும்பினால், அதை அதிகாரியின் முன் அவரே சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும். அவர் சார்பாகப் பெரியண்ணன் வாய்மொழியாகச் சொல்வது போதாது.