வேலைவாய்ப்பு அறிக்கை வந்த முதல் நிமிடமும் தங்கமும்

கேள்வி: அமெரிக்க வேலைவாய்ப்பு, பணவீக்க எண்கள் வந்ததும் தங்கத்தின் டொலர் விலையான XAUUSD ஒரு பக்கம் பாய்ந்துவிட்டுத் திரும்புகிறது. முதல் நிமிடத்திலேயே உள்ளே போகலாமா?

நான் போவதில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் நமக்கு இந்த எண்கள் வருவது மாலை 6 மணிக்கு, அமெரிக்கக் குளிர்காலத்தில் 7 மணிக்கு. முதல் பாய்ச்சல் பெரும்பாலும் தலைப்பு எண்ணுக்கானது. அறிக்கைக்குள் இருப்பவை விலையில் ஏறச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

2024 மார்ச் 8ஐப் பாருங்கள். சுமார் 2 இலட்சம் புதிய வேலைகளை எதிர்பார்த்தார்கள், வந்தது 2,75,000. வேலைச் சந்தை பலமானால் வட்டிக் குறைப்பு தள்ளிப்போகும், டொலர் ஏறும், வட்டி தராத தங்கம் இறங்கும். அதை மட்டும் பார்த்தவர் விற்றிருப்பார். ஆனால் அதே அறிக்கையில் ஜனவரி எண்ணை 3,53,000இலிருந்து 2,29,000ஆகக் குறைத்திருந்தார்கள். வேலையின்மை 3.7இலிருந்து 3.9 வீதமாக ஏறியிருந்தது. சம்பள உயர்வு வெறும் 0.1 வீதம். மொத்தத்தில் அது பலவீனமான அறிக்கை. தங்கம் அன்று புதிய உச்சம் தொட்டது.

அதனால் நான் விலை வரைபடத்தில் முதல் ஐந்து நிமிட மெழுகுவர்த்தி முடியும்வரை கைவைப்பதில்லை. அந்த நேரத்தில் முந்தைய இரண்டு மாதத் திருத்தம், வேலையின்மை, சம்பளம் மூன்றையும் வாசிப்பேன். பக்கத்தில் அமெரிக்க 2 ஆண்டுக் கடன்பத்திர வட்டியைத் திறந்து வைத்திருப்பேன். வட்டி இறங்கி, தங்கமும் அந்த மெழுகுவர்த்தியின் உச்சியைத் தாண்டினால்தான் வாங்குவேன். வட்டியும் தங்கமும் சேர்ந்து ஏறினால் அன்று விட்டுவிடுவேன். போர்ச் செய்தி போல வேறொன்று தங்கத்தை இழுக்கும் நாள்களில் இந்தக் கணக்கு சரிவராது.

காத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. ஒருமுறை 0.10 லொட், அதாவது 10 அவுன்ஸ், வாங்கி 4 டொலர் கீழே ஸ்டொப் வைத்திருந்தேன். நட்டம் 40 டொலருக்கு மேல் போகாது என்று நம்பினேன். எண் வந்த நொடியில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான ஸ்ப்ரெட் விரிந்தது, இடையில் விலையே இல்லை, 7 டொலர் கீழேதான் ஆர்டர் நிறைவேறியது. போனது 70 டொலர். ஸ்டொப் தொடப்பட்டதும் சந்தை ஆர்டராக மாறி, அடுத்துக் கிடைக்கும் விலையில் முடியும். நீங்கள் குறித்த விலைக்கு அது உத்தரவாதம் அல்ல.

பணவீக்க அறிக்கை கொஞ்சம் நேரானது. முந்தைய மாதத் திருத்தம் அதில் பெரிய விஷயம் இல்லை. உணவும் எரிபொருளும் நீக்கிய மாதாந்த எண்ணைப் பாருங்கள். 0.3 வீதம் எதிர்பார்த்த இடத்தில் 0.4 வந்தால், அந்த 0.1 வித்தியாசமே தங்கத்தை இறக்கப் போதும். எதிர்பார்த்ததே வந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் குத்திவிட்டுப் பழைய இடத்துக்கே வரும். அந்த மாலைகளில் நான் கணினியை மூடிவிடுவேன்.