குசினி வாசலில் நின்றது யார்?

வணக்கம். எனக்கு 38 வயது. கொட்டாஞ்சேனையில் அம்மாவோடு இருக்கிறேன். 2007 ஜூன் கடைசியில் எனக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதிக் கடிதம் வந்தது. அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. கடிதத்தை வாங்கிப் பார்த்தா, மடித்து பிஸ்கட் டின்னுக்குக் கீழே வைத்தா, “அடுப்பில சோறு கிடக்கு, பார்” என்று சொன்னா. அவ்வளவுதான். நான் போகவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தம்பி மொறட்டுவைக்குப் போனான்.

ஒரு வகுப்பில், ஒரு நினைவை என் கண்ணால், மற்றவர் கண்ணால், தூரத்தில் நிற்கும் ஒருவர் கண்ணால் என்று மூன்று தரம் எழுதச் சொன்னார்கள். ஒரே இரவில் எழுதி முடித்தேன். பாரம் குறையவில்லை. அம்மாவைப் பற்றிப் பொய் எழுதியது போலக் கிடக்கிறது. மூன்றையும் அனுப்புகிறேன். எங்கே பிழை விட்டேன்?

– கொட்டாஞ்சேனை வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பக்கங்களையும் இரண்டு தரம் வாசித்தேன். முதல் பக்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு வரி என்னை நிறுத்தியது: “நீலச் சட்டையோடு குசினி வாசலில் நிற்கிறேன், முதுகில் பின்னல் பாதி அவிழ்ந்து கிடக்கிறது.” உங்கள் முதுகை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நினைவுகள் இரண்டு விதமாக வரும். சிலவற்றில் அன்று கண்ணில் பட்டதே மறுபடி தெரியும். சிலவற்றில் நம்மையே வெளியிலிருந்து, படத்தில் வரும் ஆளைப் போலப் பார்ப்போம். நைக்ரோ, நைசர் என்ற இரு உளவியலாளர்கள் 1983இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பழைய நினைவுகள் வெளிப்பார்வையில் வருவது அதிகம் என்பதும் அதில் இருக்கிறது. உங்களுடையது 18 வருடம் பழையது. ஆகவே “என் கண்ணால்” என்று நீங்கள் எழுதிய பக்கம் உண்மையில் தூரத்தில் நின்றவரின் பக்கம். உங்கள் கண்ணால் பார்த்த பக்கம் இன்னும் எழுதப்படவே இல்லை. பாரம் குறையாததற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதை மட்டும் திரும்ப எழுதுங்கள். கடிதத்தை நீட்டியதிலிருந்து சோற்றுப் பானையைத் திறந்தது வரை இரண்டு நிமிடம் இருக்குமா? அந்த இரண்டு நிமிடம் போதும். முன்னும் பின்னும் போகாதீர்கள், தம்பியின் மொறட்டுவை இதில் வரக்கூடாது. வாசலில் நின்ற உங்கள் கண்ணுக்கு அம்மாவின் முகம் தெரிந்ததா, உச்சி மட்டும் தெரிந்ததா? திருவலையில் இருந்தவ எழும்பினாவா? கடிதத்தை எந்தக் கையால் வாங்கினா, தேங்காய்ப்பூ ஒட்டிய கையாலா? உங்கள் வயிற்றில், தொண்டையில் என்ன நடந்தது? தெரியாததை “தெரியவில்லை” என்றே எழுதுங்கள். 15 முதல் 20 நிமிடம் எழுதிவிட்டு நிறுத்துங்கள். மனப்பாரத்தை எழுதுவது பற்றி உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட முதல் ஆய்விலும் நாளுக்கு 15 நிமிடம், அடுத்தடுத்து நான்கு நாட்கள் என்றுதான் எழுதவைத்தார். மூன்றையும் ஒரே இரவில் எழுதினால் முதல் பக்கத்தின் கோபம் காயாமல் அடுத்த பக்கத்திலும் ஒட்டும். ஒரு நாளுக்கு ஒரு கோணம் போதும்.

இனி அம்மாவின் பக்கம். அதில் “என் மகளின் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியம் உங்களுடையது, அம்மாவின் வாயில் வைத்திருக்கிறீர்கள். அந்த மாலை திருவலையில் இருந்தவவுக்கு 18 வருடம் கழித்து நீங்கள் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று தெரியாது. இந்தக் கோணத்துக்கு ஒரே விதி, அந்த ஆளுக்கு அந்த மணிநேரத்தில் தெரிந்தது மட்டும். அந்த ஜூன் 7ஆம் திகதிதான் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பியது. கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு தாய்க்கு அது தெரியாமல் இருந்திராது. ஆனால் அதையே காரணமாக எழுதிவிடவும் வேண்டாம். அப்போது இது வழக்கறிஞரின் பக்கமாகிவிடும், அடுத்த நாளே உங்களுக்கு எரிச்சல் வரும். நீங்கள் அறிந்ததைப் பேனாவாலும் ஊகித்ததைப் பென்சிலாலும் எழுதுங்கள். பக்கம் முழுக்கப் பென்சிலாக இருந்தால் அதுவும் ஒரு செய்திதான்.

மூன்றாம் பக்கத்தில் “இது எல்லா வீட்டிலும் நடக்கிற சாதாரண விஷயம்” என்று முடித்திருக்கிறீர்கள். தூரத்தில் நிற்பவர் தீர்ப்புச் சொல்வதில்லை. 2013இல் உளவியலாளர் எலி ஃபிங்கெலும் அவரோடு சேர்ந்தவர்களும் தம்பதிகளிடம் தங்கள் சண்டையை எழுதச் சொன்னபோது, இருவருக்கும் நல்லதையே நினைக்கும் ஒரு மூன்றாம் ஆள் அதை எப்படிப் பார்ப்பார் என்று கேட்டார்கள். அந்த ஆளையே நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் அவருக்கு மனதுக்குள் இருப்பது தெரியாது. “அவளுக்குக் கோபம் வந்தது” என்று அவர் எழுத முடியாது, “அவள் நிலத்தைப் பார்த்தாள்” என்று எழுதலாம்.

எங்கள் மொழியில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ‘நான்’ என்ற சொல்லை விட்டுவிட்டாலும் வினைமுடிவு காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் மூன்றாம் பக்கத்தில் இரண்டு இடத்தில் “நின்றேன்” என்று வந்திருக்கிறது, இரண்டும் பிஸ்கட் டின் வருகிற இடம். அங்கேதான் நீங்கள் திரும்ப உள்ளே விழுந்திருக்கிறீர்கள். எழுதி முடித்தபின் வினைச்சொற்களுக்கு மட்டும் கீழே கோடிட்டுப் பாருங்கள், எது இன்னும் வலிக்கிறது என்று தெரியும். அம்மாவை எப்படிக் குறிப்பது என்பதும் சின்ன விஷயமில்லை. வீட்டில் “அவ சொன்னா” என்போம். ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் “அந்தப் பெண் சொன்னார்” என்றுதான் சொல்வார். அந்த ஒரு சொல் மாற்றத்திலேயே அம்மா 52 வயதுப் பெண்ணொருத்தியாகத் தெரியத் தொடங்கலாம்.

எழுதிய பிறகு ஒரு மணிநேரம் மனம் கனத்திருப்பது வழமை. நாட்கணக்கில் நித்திரை கெட்டால் நிறுத்திவிடுங்கள். மூன்றாம் பக்கம் சுலபமாக வந்து, முதல் பக்கத்தை மட்டும் திறக்க மனம் வராவிட்டால், தூரம் உங்களுக்கு ஒளிவிடமாகிறது என்று அர்த்தம். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: ஷெல் விழுந்த நாள், ஆளைப் பிடித்துக்கொண்டு போன இரவு போன்ற நினைவுகளைத் தனியாக இருந்து இப்படி எழுத வேண்டாம். ஒரு ஆலோசகரோடு செய்யுங்கள். உடனே பேச வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

பொய் எழுதியது போல இருக்கிறது என்றீர்கள். அந்த உணர்வு சரிதான். இன்னொருவரின் இடத்தில் நின்று கற்பனை செய்வதால் அவர் மனதைச் சரியாக அறிந்துவிட முடியாது என்று எயல், ஸ்டெஃபல், எப்லி என்ற ஆய்வாளர்கள் 2018இல் 25 பரிசோதனைகளைத் தொகுத்துக் காட்டினார்கள். அவரிடமே கேட்டவர்கள்தான் கூடச் சரியாகச் சொன்னார்கள். இரண்டாம் பக்கம் உங்கள் ஊகம் எது என்று காட்டும், அம்மாவைக் காட்டாது. உங்கள் அம்மா பக்கத்து அறையில் இருக்கிறா.

நான்காம் நாள் கேளுங்கள். “ஏன் என்னை விடேல்லை?” என்று தொடங்கினால் அவ தன்னைக் காக்கத் தொடங்கிவிடுவா. “அம்மா, அண்டைக்குக் கடிதத்தை பிஸ்கட் டின்னுக்குக் கீழ வைச்சீங்களே, ஞாபகம் இருக்கோ?” என்று கேளுங்கள். ஞாபகமில்லை என்றும் சொல்லக்கூடும். என்ன சொன்னாலும் அவ சொன்ன சொற்களிலேயே புதுப் பக்கத்தில் எழுதுங்கள், மற்ற மூன்றையும் திருத்தாமல்.