கூல்டவுன் செய்தும் கால் ஏன் வலிக்கிறது? பிசியோ அக்காவிடம் கேள்வி பதில்

ஆயர் ஈத்தாம் வாசி: அக்கா, சனிக்கிழமை மலை ரயிலில் கொடிமலைக்கு ஏறி, ஜீப் பாதையில் நடந்தே தண்ணீர்மலைக்கு இறங்கினோம். கீழே வந்ததும் தாவரவியல் பூங்காவில் கால் மணி நேரம் மெதுவாக நடந்து கூல்டவுன் பண்ணினேன். ஞாயிறு பரவாயில்லை. திங்கட்கிழமை பிளாட் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்க முடிந்தது. கூல்டவுன் போதவில்லையா?

கால் மணி நேரம் இல்லை, ஒரு மணி நேரம் நடந்திருந்தாலும் திங்கட்கிழமை இதே கதைதான். உங்கள் வலி பூங்காவில் வரவில்லை, ஜீப் பாதையில் வந்தது. மேல் நிலையம் 700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கிட்டத்தட்ட அவ்வளவு உயரத்தையும் ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் இறங்கியிருக்கிறீர்கள். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டி மடங்குகிறது, உடம்பு கீழே சரியாமல் முன்தொடைத் தசை இழுத்துப் பிடிக்கிறது. இறுகிக்கொண்டே நீள்கிற இந்த வேலைதான் தசை நார்களுக்குள் நுண்ணிய சேதம் உண்டாக்குகிறது. அதற்குப் பிறகு பல மணி நேரம் கழித்துத்தான் வீக்கமும் தொட்டாலே நோகும் உணர்வும் வளர்கின்றன. அதனால்தான் ஞாயிறு பரவாயில்லை, திங்கள் மோசம். இந்த வலி வழக்கமாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் போய்விடும்.

பூங்கா வாசலைத் தொட்டபோதே சேதம் நடந்து முடிந்துவிட்டது. அப்புறம் நடப்பது அதைப் பின்னோக்கித் திருப்பாது.

2007இல் ஆஸ்திரேலியாவில் இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். 52 பேரைச் சரிவான டிரெட்மில்லில் அரை மணி நேரம் பின்பக்கமாக இறங்க வைத்தார்கள். சிலர் அதற்கு முன்னால் 10 நிமிடம் சாதாரணமாக நடந்தார்கள், சிலர் பின்னால் 10 நிமிடம், சிலர் இரண்டும், சிலர் எதுவுமே இல்லை. இரண்டு நாள் கழித்து, 100 புள்ளி அளவுகோலில், முன்னால் நடந்தவர்களுக்கு வலி 13 புள்ளி குறைவு. பின்னால் நடந்ததால் ஒரு பலனும் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். ரயிலில் உட்கார்ந்தபடி ஏறி, குளிர்ந்த காலோடு நேராகச் சரிவில் இறங்கினீர்கள். அடுத்த முறை மேலே சமதளத்தில் 10 நிமிடம் விறுவிறு என்று நடந்துவிட்டு இறங்குங்கள். அதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு: அதற்கு இரண்டு வாரம் முன்னால் கீழேயிருந்து ஜீப் பாதையின் 84ஆம் நிறுத்தம் வரை மட்டும் ஏறி இறங்குங்கள். ஒரு தடவை இப்படி வேலை வாங்கப்பட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் மிகக் குறைவாகவே வலிக்கும். சின்னச் சின்ன அடியாக வையுங்கள், எட்டி வைக்காதீர்கள்.

ஒரே எச்சரிக்கை. வலியோடு தொடை கல்லாக வீங்கினாலோ, சிறுநீர் தே ஓ நிறத்தில் போனாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றே மருத்துவமனை.

செந்தூல் ஓட்டக்காரர்: அப்படியென்றால் கூல்டவுனே வேண்டாமா? நேரம் மிச்சம்.

நான் அப்படிச் சொல்லவில்லை. வலிக்கு வேண்டாம் என்றேன். மூச்சுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் அது வேறு கணக்கு, கீழே வருகிறது.

கிள்ளான் தம்பி: அக்கா, தே ஓ நிறம் என்றீர்கள். எனக்கு ஓடி முடித்தால் மஞ்சளாகத்தான் போகிறது. ஆபத்தா?

வெளிர் மஞ்சள் என்றால் வழக்கமானதுதான். அடர் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை, குடியுங்கள்.

தித்திவங்சாவில் ஓடுபவர்: ஏரியைச் சுற்றி வேகமாக ஓடி முடித்து, வாட்சை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை குறைவு என்று சொல்லி நண்பர் தே தாரிக் வாங்கித் தந்தார்.

தே தாரிக் தப்பில்லை, காரணம்தான் வேறாக இருக்கும். ஓடும்போது காலுக்குப் போகிற ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்திருக்கின்றன. கீழே இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளி விடுவது கெண்டைக்கால், தொடைத் தசைகள்தான். நீங்கள் நின்றதும் அந்தத் தள்ளல் நின்றுவிட்டது, ஆனால் குழாய்கள் உடனே சுருங்கவில்லை. ரத்தம் காலில் தேங்குகிறது, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது, கண் இருட்டுகிறது. கோலாலம்பூர் வெக்கையில் தோலுக்கும் நிறைய ரத்தம் போய்க்கொண்டிருக்கும், அதனால் இன்னும் சுலபமாக வரும்.

கூல்டவுனின் உண்மையான வேலை இங்கேதான். 5 முதல் 10 நிமிடம், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் நடங்கள். மூச்சு வழக்கத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்து நிறுத்துங்கள். கண் இருட்ட ஆரம்பித்தால் கௌரவம் பார்த்து நிற்காதீர்கள், படுத்துக் காலைத் தூக்கி வையுங்கள்.

இன்னொன்று. முடித்த பிறகு மயங்குவது பெரும்பாலும் இந்தக் கதை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தால் அது இந்தக் கதை இல்லை. இதயத்தைப் பரிசோதிக்காமல் மறுபடி ஓடக் கூடாது.

புட்சால் கோச்: எல்லாம் சரிம்மா. ஆனால் லாக்டிக் அமிலத்தை விட்டுவிட்டீர்களே. ஆட்டம் முடிந்து பையன்களை மெதுவாக ஓட விட்டால் அது கழுவிக்கொண்டு போய்விடும், மறுநாள் வலிக்காது. இருபது வருஷமாக இப்படித்தான் செய்கிறேன்.

அண்ணே, பாதி உங்கள் பக்கம். நீங்கள் லாக்டிக் அமிலம் என்பது ரத்தத்தில் லாக்டேட்டாக இருக்கிறது. மெதுவாக ஓடினால் அது சீக்கிரம் இறங்குகிறது, அது உண்மை. ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதுவே இறங்கிவிடும். இரண்டு நாள் கழித்து வருகிற வலிக்கு, அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே காணாமல் போன ஒன்றை எப்படிக் குற்றம் சொல்வது?

புட்சால் கோச்: இறங்கிவிட்டாலும் அது செய்த கெடுதல் இருக்கும் இல்லையா?

நியாயமான கேள்வி. அதற்கும் 1983லேயே ஒரு சோதனை இருக்கிறது. அதே ஆட்களைச் சமதளத்தில் 45 நிமிடம் ஓட வைத்தார்கள், இன்னொரு நாள் இறக்கத்தில் ஓட வைத்தார்கள். சமதளத்தில் லாக்டேட் ஏறியது, வலி வரவில்லை. இறக்கத்தில் லாக்டேட் ஏறவே இல்லை, வலி வந்தது. லாக்டேட்தான் குற்றவாளி என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

ஈப்போ சைக்கிள்காரர்: கோச் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நான் மேட்டில் மிதிக்கும்போது தொடை எரியுமே, அது என்ன?

அந்த எரிச்சல் அப்போதே வருகிறது, மிதிப்பதை நிறுத்தினால் சில நிமிடங்களில் அடங்குகிறது. அது வேறு, நாம் பேசுகிற வலி வேறு. உங்களையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்: தொடை அவ்வளவு எரிந்தும் மறுநாள் படி இறங்கச் சிரமப்பட்டீர்களா? பெரும்பாலும் இருக்காது. சைக்கிளில் தசை சுருங்கித் தள்ளுகிறது, நீண்டுகொண்டே பிடிப்பது குறைவு.

புட்சால் கோச்: அப்படியென்றால் ஒரே நாளில் நாலு ஆட்டம் இருக்கிற போட்டியில்?

அங்கே உங்கள் மெது ஓட்டத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கலாம். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் லாக்டேட் சீக்கிரம் இறங்கும், உடம்பும் சூடு ஆறாமல் இருக்கும். அதனால் பையன்கள் நன்றாக ஆடுவார்களா என்பதில் ஆய்வுகள் ஒரே பக்கம் பேசவில்லை.

சிரம்பான் அக்கா: ஓடி முடித்து ஸ்ட்ரெச்சிங் செய்தால் வலி குறையும்தானே?

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், 100 புள்ளியில் ஒன்றிரண்டு, அதிகம் போனால் நாலு புள்ளி குறைகிறது. உங்களுக்குத் தெரியவே தெரியாது. பிடித்திருந்தால் செய்யுங்கள்.

பிறை வாசி: ஸ்ட்ரெச்சிங்கை ஓட்டத்துக்கு முன்னால் செய்தால்?

வலிக்கு அதே கதை. 2007 சோதனையில் பலன் தந்தது நடை, ஸ்ட்ரெச்சிங் அதில் இல்லை.

பட்டர்வொர்த் தம்பி: கூல்டவுன் என்றால் ஏர்கான் அறையில் உட்காருவது என்று நினைத்தேன். அதுவும் சரியா?

முதலில் நடங்கள், பிறகு ஏர்கான். நடக்காமல் போய் உட்கார்ந்தாலும் ரத்தம் காலில் கொஞ்சம் தேங்கத்தான் செய்யும், காலை நீட்டிப் படுத்தால் பரவாயில்லை.

வாட்ச் பார்ப்பவர்: நான் சோதித்துப் பார்த்தேன். ஓடி முடித்து உட்கார்ந்தால் இதயத்துடிப்பு சீக்கிரம் இறங்குகிறது. மெதுவாக நடந்தால் இறங்க நேரமாகிறது. நீங்கள் சொல்வதற்கு நேர் எதிர்.

இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி இது. உங்கள் வாட்ச் பொய் சொல்லவில்லை. நடக்கிற காலுக்கு ரத்தம் வேண்டும், அதனால் நடக்கும்வரை துடிப்பு கொஞ்சம் மேலேதான் நிற்கும். ஆனால் மயக்கம் வருவது துடிப்பு அதிகமாக இருப்பதால் இல்லை, அழுத்தம் திடீரென்று சரிவதால். வாட்சில் அது தெரியாது. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகு துடிப்பும் மூச்சும் சீக்கிரம் பழைய நிலைக்கு வருவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, சிலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. பல வருஷக் கணக்கில் இதயத்துக்குக் கூடுதல் நன்மை இருக்கிறதா என்றால், இருக்கிறது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை.

பத்து பகாட் அம்மா: ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். நடை முடித்ததும் வெந்நீரில் குளிக்கலாமா?

உடனே வேண்டாம்மா. வெந்நீர் குழாயை விரிக்கும், சில அழுத்த மாத்திரைகளும் விரிக்கும். மெதுவாக நடந்து, உட்கார்ந்து, வியர்வை அடங்கிய பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள், குளியலறைக் கதவைத் தாழ் போடாதீர்கள். மாத்திரை அளவைப் பற்றி உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

செராஸ் தம்பி: கூல்டவுன் செய்தால் கால் வலி போகுமா?

மேலே போய் முதல் பதிலைப் படியுங்கள்.

சுங்கை பட்டாணி வாசி: ஜிம்மில் முதல் நாள், ஸ்குவாட் நிறைய. இப்போது மூன்றாம் நாள், வலி கூடிக்கொண்டே போகிறது. கூல்டவுன் செய்யாததாலா?

இல்லை, முதல் நாளே நிறைய செய்ததால். சிறுநீர் நிறத்தைப் பாருங்கள், தே ஓ மாதிரி இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். நிறம் சரியாக இருந்து, கை கால் மடக்க முடிந்தால், லேசாக நடந்துகொண்டிருங்கள், தானே குறையும்.

புட்சால் கோச்: நீங்கள் சொல்வதை நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. என் பையன்களிடம் பார்த்துவிடுகிறேன்.

தாராளமாகப் பாருங்கள் அண்ணே, ஆனால் ஒழுங்காகப் பாருங்கள். சீட்டுக் குலுக்கி இரண்டு பாதியாகப் பிரியுங்கள், பிடித்த பையன்களை ஒரு பக்கம் போடாதீர்கள். ஒரு பாதி 10 நிமிடம் மெதுவாக ஓடட்டும், மற்றது உட்காரட்டும். இரண்டு நாள் கழித்துப் படி இறங்கச் சொல்லி, வலி நூற்றுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் வாய்விட்டுக் கேட்டால், உங்களுக்குப் பயந்து ஓடியவர்கள் எல்லாரும் வலிக்கவில்லை என்பார்கள். அடுத்த வாரம் பாதிகளை மாற்றி மறுபடி பாருங்கள். இரண்டு வாரமும் ஒரே அளவு பயிற்சி இருக்க வேண்டும். இரண்டாம் வாரம் எல்லாருக்குமே வலி குறையும், தசை பழகியிருக்கும். அந்தக் குறைவை மெது ஓட்டத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.