1,500 சொல் கட்டுரை 1,000 ஆன கதை

கேள்வி: என் கட்டுரையின் முதல் வரைவு ஊதிப்போய்க் கிடக்கிறது. மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்கிறார்கள். வாதமும் என் நடையும் போகாமல் எப்படி வெட்டுவது?

எனக்கும் இதே வேலை வந்தது. யாழ்ப்பாணத்தில் ஊர்ச் சங்க மலர் ஒன்றுக்குக் கிணறுகளைப் பற்றி எழுதினேன். 1,500 சொல் வந்தது. மலரில் இடம் 1,000 சொல்லுக்குத்தான்.

முதலில் நான் செய்தது பிழை. வசனம் வசனமாகச் சொற்களைப் பிடுங்கினேன். இரண்டு இரவு இருந்து 150 சொல் போனது. அதற்கு மேல் பிடுங்கினால் கட்டுரை தந்தி மாதிரி ஆகிவிடும். ஊதிப்போன என் வரைவில்கூடச் சொல் அளவில் பத்தில் ஒரு பங்குதான் கழிந்தது. மூன்றில் ஒரு பங்கு வேண்டுமென்றால் பத்திகளே போகவேண்டும்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் நேரே அது வாதத்துக்கு என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதினேன். என் வாதம் இதுதான்: கடலோரத்தில் ஆழமாகத் துளைத்து இறைக்காதீர்கள், மேலோட்டமான கிணற்றோடு நில்லுங்கள். தொடக்கத்து இரண்டு பத்திகளுக்கு நேரே ஒன்றுமே எழுத வரவில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடும் என்று 190 சொல்லில் அளந்திருந்தேன். அதில் 30 சொல் மிஞ்சியது. அடுத்து, உப்பேறிய கிணறுகள் மூன்றின் கதை. மூன்றுக்கும் நேரே ஒரே வரி! ஆகச் சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் தூக்கினேன், 240 சொல். ஆக 400 போய்விட்டது, வசனங்களில் கைவைக்காமலே.

சொற்களில் வெட்டியது பெரும்பாலும் இந்த மாதிரி:

"யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடி நீரானது மக்களால் மிக அதிகமான அளவில் பயன்படுத்தப்பட்டு வருகின்றது என்பது இங்கு குறிப்பிடத்தக்கதாகும்."

இது 13 சொல். "குடாநாட்டில் நாங்கள் நிலத்தடி நீரை இறைத்துத் தள்ளுகிறோம்" என்றால் 6. "குறிப்பிடத்தக்கது", "மிகையாகாது", "வருகின்றது" எல்லாம் பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் பழக்கம். அவை என் நடை இல்லை. போனபிறகுதான் என் குரல் கேட்டது.

நடையை எப்படிக் காப்பது? வெட்டத் தொடங்க முன்னமே, வேறு ஒருவரும் எழுதமாட்டார் என்று படும் ஐந்தாறு வசனங்களுக்குக் கீழே கோடிட்டு வையுங்கள். எனக்கு அதில் ஒன்று: "அம்மம்மா ஒரு மிடறு வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, 'சவர் தட்டுது' என்றால் அன்றைக்கு மோட்டர் நிற்கும்." தகவல் கணக்கில் பார்த்தால் இது வீண். கைவைக்கவில்லை. சுற்றியுள்ள விளக்கத்தைத்தான் குறைத்தேன்.

தமிழில் ஒரு கள்ளக் கணக்கும் உண்டு, கவனம். "இறைத்துக் கொண்டு இருந்த போது" என்பது நாலு சொல்; சேர்த்து "இறைத்துக்கொண்டிருந்தபோது" என்று எழுதினால் ஒன்று. எண்ணிக்கை குறையும், பக்கம் குறையாது. அச்சில் இடத்துக்காக வெட்டுகிறீர்கள் என்றால் எழுத்து எண்ணிக்கையையும் பாருங்கள்.

இப்போது 950 சொல். பெருமையோடு அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் நிற்பாட்டி, "அப்ப உப்பு வந்தா இன்னும் ஆழமாக் கிண்ட வேண்டியதுதானே?" என்றார். அங்கேதான் வாதம் அறுந்திருந்தது. அந்தக் கேள்விக்கான பதிலை, பாடப்புத்தகம் போல் இருக்கிறதென்று நானே வெட்டியிருந்தேன். நன்னீர், கடல்நீரின் மேல் மிதக்கிறது; கடல்மட்டத்துக்கு மேலே அது ஓர் அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும். இறைத்து அந்த ஓர் அடியை இழந்தால், நாளடைவில் அடியிலிருந்து உப்பு நீர் 40 அடி மேலேறும். ஆழம் போகப் போக உப்புக்குக் கிட்டத்தான் போகிறோம். இதை 50 சொல்லில் திரும்ப வைத்தேன். சரியாக 1,000.

அதனால் வெட்டியதும் கட்டுரையைத் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் வாசிக்கும்போது வெட்டுப்பட்ட பத்தி உங்கள் மனதில் இருந்து இடைவெளியை நிரப்பிவிடும், அவருக்கு நிரப்பாது. "அப்ப ஏன்" என்று அவர் கேட்கும் இடத்தில் ஒரு வசனமாவது திரும்பி வரவேண்டும். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்பவரிடம் வாசிக்காதீர்கள்.

வெட்டியதை அழிக்கவேண்டாம், வேறு கோப்பில் போட்டு வையுங்கள். தூக்கிய இரண்டு கிணறுகளில் ஒன்று பெரியம்மா வீட்டுக் கிணறு. மலர் வந்த அன்றைக்கு அவர் முதலில் தேடியது அதைத்தான்.