மதியம் நாலரை வரைக்கும் தூங்குற பையன எழுப்பலாமா?

கேள்வி: பையனுக்கு ரெண்டு வயசு டாக்டர். மதியம் 1.30க்குப் படுத்தா 4.30 வரைக்கும் எந்திரிக்க மாட்டான், ராத்திரி 11 ஆனாலும் ஆடிட்டு இருக்கான், காலைல 8 மணிக்குத்தான் முழிக்கிறான். தூங்குற புள்ளைய எழுப்பாதன்னு மாமியார் சொல்றாங்க. எழுப்பலாமா?

பதில்: தாராளமா எழுப்பலாம்மா. மதியம் 3 மணி நேரம், ராத்திரி 9, ஆக 12 வருது. இந்த வயசுக்குப் பகலும் ராத்திரியும் சேர்த்து 11லருந்து 14 மணி நேரம் போதும், அதனால உங்க பையனுக்குத் தூக்கம் குறையல, ராத்திரி தூங்க வேண்டியதுல கொஞ்சத்த மதியமே தூங்கிடறான், அவ்ளோதான். முழிச்சிருக்கற நேரம் ஏற ஏறத்தான் மூளையில அடினோசின்னு ஒண்ணு சேர்ந்து கண்ணைச் சொக்க வைக்கும், தூங்கி எந்திரிச்சா அது கரைஞ்சிடும், இந்த வயசுல திரும்ப சேர அஞ்சாறு மணி நேரம் ஆகும். 4.30க்கு எந்திரிச்சவன் 9 மணிக்கு எப்படி தூங்குவான் சொல்லுங்க.

9 மணிக்குத் தூங்கணும்னா 3 மணிக்கு எந்திரிச்சாகணும். ஆனா நாளைக்கே 3 மணிக்கு எழுப்பிடாதீங்க, 4.15ல ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை கால் மணி நேரம் குறைங்க. நெறைய பேர் கோட்டை விடுறது எங்கன்னா, மதியத்த மட்டும் வெட்டிட்டு காலைல 8 வரைக்கும் தூங்க விட்டுடுவாங்க, அப்புறம் ராத்திரி எப்படி நகரும்? காலைல எழுப்பறதையும் அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமா 7க்கு கொண்டு வாங்க, மதியம் படுக்கறது தானா 1க்கு வந்துடும். கடைசில 1லருந்து 3, ராத்திரி 9லருந்து 7, அதே 12 மணி நேரம்.

எழுப்பும்போது அப்படியே தூக்கி உக்கார வைக்காதீங்க. ஸ்கிரீனை விலக்கிட்டு, கதவைத் திறந்து வீட்டுச் சத்தம் கேக்க விடுங்க, கை கால் அசைக்கும்போது கூப்பிடுங்க. அடிச்சு போட்ட மாதிரி கெடந்தா பத்து நிமிஷம் விட்டுப் பாருங்க. எந்திரிச்சு கால் மணி நேரம் சிணுங்குவான், மடியில வெச்சுக்கோங்க, அது போயிடும்.

ராத்திரி படுத்து அரை மணி நேரத்துக்குள்ள தூங்கினா அளவு சரியா இருக்குன்னு அர்த்தம். சாயங்காலம் 6 மணிக்கே கண்ணைக் கசக்கி எல்லாத்துக்கும் அழுதாலோ, வண்டில முன்னாடி நின்னுட்டு வரும்போதே தூங்கி விழுந்தாலோ ரொம்ப வெட்டிட்டீங்க, மதியத்துல கால் மணி நேரம் திருப்பிக் குடுங்க, அன்னைக்கு மட்டும் எட்டு எட்டேகாலுக்கே படுக்க வைங்க. அந்த 6 மணிக்கு மட்டும் குட்டித்தூக்கம் போட விட்டுடாதீங்க, இருபது நிமிஷம்னாலும் திரும்ப 11தான்.

மாமியார் சொல்றது காய்ச்சல் அடிக்கற அன்னைக்கும் தடுப்பூசி போட்ட அன்னைக்கும் கரெக்ட், அப்போ தூங்கட்டும். மத்தபடி ராத்திரி தினமும் குறட்டை விட்டு வாயால மூச்சு விடறான், இல்ல வெளுத்துப் போய் மண்ணு தின்றான்னா நேர்ல கூட்டிட்டு வாங்க, மூக்குக்குப் பின்னாடி இருக்கற அடினாய்டு சதையையும் ரத்தத்துல ஹீமோகுளோபினையும் பார்த்துட்டு அப்புறம் மதியத் தூக்கத்துல கை வைக்கலாம்.