என் மகள் மூன்றாம் வகுப்பு. தினமும் டைமர் வைத்து 20 மனக்கணக்கு கொடுக்கிறேன், மார்க் 16-லேயே நிற்கிறது. வாரா வாரம் கடினமாக்க வேண்டும் என்கிறார்கள். அடுத்த நிலைக்குப் போகலாமா?

இப்போதைக்குப் போகாதீர்கள். அந்த நாலு தப்பும் எவை என்று முதலில் பாருங்கள். நோட்டில் வெறும் மார்க்கை மட்டும் குறித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் கடலூர், மஞ்சக்குப்பம். என் பையன் நான்காம் வகுப்பு. அவனுக்கும் 20 கணக்கு, 3 நிமிடம். விடையை மட்டும் எழுத வேண்டும். அவனும் 16, 17 என்றே ஓடிக்கொண்டிருந்தான். நான் மார்க்கோடு தப்பான கணக்கையும் அவன் போட்ட விடையையும் அப்படியே எழுதி வைப்பேன். ஒரு சனிக்கிழமை புரட்டினால் 52 − 27 = 35, 61 − 34 = 33, 83 − 48 = 45. கூட்டலில் ஒரு தப்புகூட இல்லை. கவனக்குறைவு என்றால் விடை கண்டபடி மாறும். இவன் ஒரே மாதிரி தப்பு செய்கிறான்: 2-லிருந்து 7 போகாது என்பதால் திருப்பிப் போட்டு 7-லிருந்து 2-ஐக் கழிக்கிறான். கடன் வாங்கும் கணக்கு தாளில் நாலுதான் இருந்ததால் மார்க் பார்க்க நன்றாகவே இருந்தது.

டைமர் வைத்தால் பிள்ளை மிரளும் என்று கீழே கமெண்டில் சண்டைக்கு வருவார்கள். எங்கள் வீட்டில் போன் கவிழ்ந்து கிடக்கும், ஓடும் நேரம் அவன் கண்ணில் படாது. அலாரம் அடித்ததும் பென்சிலை வாங்கிக்கொண்டு சிவப்புப் பேனாவைக் கொடுப்பேன், மீதியை நிதானமாக முடிப்பான். சிவப்பில் எழுதியது சரியாக இருந்தால் வேகம்தான் குறை. நிதானமாகப் போட்டும் தப்பு என்றால் முறையே தெரியவில்லை. அதற்கு டைமர் உதவாது.

அந்த வாரம் நிலையை ஏற்றவில்லை. கடைக்காரர் சில்லறை எண்ணிக் கொடுப்பதுபோல் மேலே எண்ணச் சொன்னேன்: 27-லிருந்து 30-க்கு 3, 30-லிருந்து 52-க்கு 22, ஆக 25. டைமர் இல்லாமல் அந்த வகை மட்டும் தினமும் கொஞ்சம். அது படிந்த பிறகுதான் பழைய தாளுக்குத் திரும்பினோம்.

இப்போது ஐந்து நாளில் நாலு நாளாவது 18-க்கு மேல் வந்தால் மட்டுமே ஏற்றம். அதுவும் எண்ணைப் பெரிதாக்கினால் நேரத்தைக் குறைக்க மாட்டேன். 20-இல் பாதி பழைய நிலைக் கணக்காகவே இருக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை மார்க் விழும், பிள்ளை நோட்டை ஒளித்து வைக்கும்.

இதைச் சொன்னால் அபாகஸ் கிளாஸில் சேர்க்க வேண்டியதுதானே என்பார்கள். சேர்த்தோம். லெவலுக்கு லெவல் தனிக் கட்டணம், கல்யாண மண்டபத்தில் விழா, வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் கோப்பை, போட்டோவுக்குத் தனிக் காசு. எல்லா அபாகஸ் கிளாஸும் அப்படி என்று சொல்லவில்லை, எங்களுக்கு வாய்த்தது அப்படி. அந்தக் கோப்பையில் இப்போது அவன் பென்சில் சீவிய தூள் கிடக்கிறது.